சினிமா ஓடுகிறது, வீட்டு வீடியோ திக்குகிறது

வீட்டுச் சர்வரிலோ, ரவுட்டரோடு இணைத்த நாஸ் பெட்டியிலோ சேர்த்து வைத்த குடும்ப வீடியோ டிவியில் விட்டு விட்டு ஓடுவது பலரையும் குழப்பும் கோளாறு. அதே டிவியில் இணையத்திலிருந்து வரும் இரண்டரை மணி நேரப் படம் தடங்கலின்றி ஓடுகிறது. பக்கத்து அறைப் பெட்டியிலிருந்து வரும் நான்கு நிமிட வளைகாப்பு வீடியோவோ பத்து விநாடிக்கு ஒருமுறை நின்று, நடுவில் வட்டம் சுழல்கிறது. முதல் சந்தேகம் ஹார்டு டிஸ்க் மேல் விழும். சாதாரண ஹார்டு டிஸ்க்கே விநாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் வாசித்துக் கொடுக்கும்; அது எந்த வீட்டு வீடியோவுக்கும் தாராளம். இணையத் திட்டத்தை வேகமானதாக மாற்றியும் பயனில்லை. பெட்டியிலிருந்து ரவுட்டருக்கும் ரவுட்டரிலிருந்து டிவிக்கும் போகும் வீடியோ வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை.

குழப்பத்துக்கு விடை கோப்பின் கனத்தில் இருக்கிறது. இணையப் பட நிறுவனங்கள் ஒரு படத்தை மணிக்கணக்கில் நிதானமாகச் சுருக்கி, தரம் குறையாமல் அளவைக் குறைத்து அனுப்புகின்றன. 4கே படத்துக்கு விநாடிக்கு 15 மெகாபிட் இணைப்பு போதும் என்கிறது நெட்ஃப்ளிக்ஸ். கையிலிருக்கும் போனுக்கு அந்த நேரம் கிடையாது. காட்சி நடக்கும்போதே சுருக்கியாக வேண்டும் என்பதால், தரம் கெடாதிருக்க அது தாராளமாக எழுதித் தள்ளுகிறது. ஐபோனின் கேமரா அமைப்பில் ஆப்பிளே இதைச் சொல்லிவிடுகிறது: 4கே, விநாடிக்கு 60 ஃப்ரேம் என்று வைத்தால் ஒரு நிமிட வீடியோ சுமார் 400 மெகாபைட். கணக்கிட்டால் விநாடிக்கு 53 மெகாபிட். இணையப் படத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

இந்தக் கணக்கை எந்தக் கோப்புக்கும் போடலாம். கோப்பின் அளவை மெகாபைட்டில் எடுத்து, 8 ஆல் பெருக்கி, ஓடும் விநாடிகளால் வகுத்தால் கிடைப்பதுதான் பிட்ரேட், அதாவது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்ற வேகம். மேலே சொன்ன வளைகாப்பு வீடியோ 4 நிமிடம் 10 விநாடி, 1,650 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், 13,200 மெகாபிட்டை 250 ஆல் வகுக்க, 53க்குச் சற்றுக் குறைவாக வரும். இது சராசரிதான். கூட்டம் அசையும் காட்சியிலும், இலையும் நீரும் ஆடும் காட்சியிலும் இது இன்னும் ஏறும். அட்சதை தூவும் இடத்தில் மட்டும் வீடியோ நிற்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அடுத்து, டிவி வரையிலான பாதையின் வேகம். டிவி கொஞ்சம் வீடியோவை முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொண்டு அதிலிருந்து எடுத்து ஓட்டுகிறது. வந்து சேர்வதைவிடச் செலவாவது அதிகமானால் சேமிப்பு தீர்ந்து படம் நிற்கும். மறுபடி சேர்ந்ததும் ஓடும். பாதையை அளக்க எளிய வழி உண்டு. டிவி இருக்கும் இடத்திலேயே ஒரு மடிக்கணினியை வைத்து, டிவி பிடிக்கும் அதே வைஃபையில் இணைத்து, சர்வரிலிருந்து ஒரு பெரிய கோப்பைப் பிரதி எடுத்து நேரம் பார்க்க வேண்டும். 1,000 மெகாபைட் வந்து சேர 4 நிமிடம் ஆனால் வேகம் விநாடிக்கு 33 மெகாபிட். 53 கேட்கும் வீடியோவுக்கு 33 கிடைத்தால், பத்து விநாடிக் காட்சி வந்து சேரப் பதினாறு விநாடி பிடிக்கும். நிற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். டிவியின் ஆன்டெனா மடிக்கணினியுடையதைவிடச் சுமாராகவே இருக்கும் என்பதால், உண்மை நிலை இதைவிட மோசமாகவும் இருக்கலாம்.

33 போன்ற குறைந்த எண் வருவது பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான். அடுக்குமாடியில் எல்லா வீட்டு ரவுட்டர்களும் அந்தச் சிறிய அலைவரிசைக்குள் முண்டியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால், ரவுட்டர் இருக்கும் கூடத்திலேயே டிவியும் இருந்தால், வேகம் பல மடங்கு ஏறும். ஆனால் அந்த அலை சுவரைக் கடக்கச் சிரமப்படும். இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் பழைய 2.4 கிகாஹெர்ட்ஸே மேலாகிவிடலாம். சர்வரும் டிவியும் இரண்டுமே வைஃபையில் இருப்பதுதான் மிக மோசமான ஏற்பாடு. அப்போது ஒரே வீடியோ சர்வரிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒருமுறை என இரண்டு தடவை காற்றில் போக வேண்டும். இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். சர்வரையாவது கேபிளால் ரவுட்டரோடு இணைப்பது செலவே இல்லாத திருத்தம்.

டிவிக்கும் கேபிள் போட்டால் கவலை விட்டது என்று நினைக்கலாம். அதிலும் ஒரு பொறி உண்டு. விலை உயர்ந்த டிவிகளில்கூட நெட்வொர்க் கேபிள் செருகும் இடம் பெரும்பாலும் 100 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடுகிறது. கையில் கிடைப்பது அதிகம் போனால் 94, 95. போன் வீடியோவுக்கு இது போதும். 100 மெகாபிட்டுக்கு மேல் எழுதும் ஆக்‌ஷன் கேமரா வீடியோவுக்குப் போதாது. அந்த ஓர் இடத்தில் நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கேபிளையே முந்திவிடும்.

பாதை சரியாக இருந்தும் திக்கும் வீடியோக்கள் வேறு வகை. அதே வீட்டில் 2010 வாக்கில் கேம்கார்டரில் எடுத்த கல்யாண வீடியோ இருக்கிறது, கோப்பின் பெயர்.MTS என்று முடிகிறது. கணக்குப் போட்டால் விநாடிக்கு 17 மெகாபிட்தான். 33 கொடுக்கும் வைஃபையே போதுமானது. ஆனாலும் அது நின்று நின்று ஓடுகிறது. இங்கே திணறுவது சர்வரின் பிராசஸர்.

ப்ளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற சர்வர் மென்பொருள்கள், டிவியால் ஒரு கோப்பை நேரடியாக ஓட்ட முடியும் என்று நம்பினால் அப்படியே அனுப்பிவிடும். முடியாது என்று தோன்றினால், ஓட ஓட வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும். இந்தியாவில் விற்ற அந்தக் காலக் கேம்கார்டர்கள் ஒரு படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரண்டு பாதியாக, விநாடிக்கு 50 பாதிகள் எழுதின. இன்றைய டிவி ஆப்கள் பலவற்றின் பட்டியலில் இந்த வகை இல்லாததால் சர்வர் மாற்றத்தில் இறங்குகிறது. பாதிகளைச் சேர்த்து முழுப் படமாக்கி, மறுபடி சுருக்குவது கடும் வேலை. கோப்பைப் பத்திரப்படுத்த என்று வாங்கிய விலை குறைந்த நாஸ் பெட்டியின் சிறு பிராசஸருக்கு அது சக்திக்கு மீறியது.

இதை ஊகிக்கத் தேவையில்லை, சர்வரே சொல்லும். வீடியோ ஓடும்போது ப்ளெக்ஸின் டாஷ்போர்டில் Direct Play என்றிருந்தால் கோப்பு மாறாமல் போகிறது. Transcode என்றிருந்தால் மாற்றம் நடக்கிறது. ஜெல்லிஃபினும் இதையே காட்டும், காரணத்தையும் சேர்த்து. ஜெல்லிஃபினின் பதிவேடுகளில் FFmpeg.Transcode என்று தொடங்கும் கோப்பின் கடைசி வரிகளில் `speed=0.6x` போன்ற ஒரு குறிப்பு வரும். ஒன்றுக்குக் கீழே இருந்தால் சர்வர் தோற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள். 0.6 என்றால் பத்து விநாடிக் காட்சியைத் தயாரிக்கக் கிட்டத்தட்ட பதினேழு விநாடி.

சில வேளை இந்த மாற்றமே வீண்வேலை. டிவியில் இருக்கும் ஆப்பின் அமைப்பில் தர வரம்பு 8 மெகாபிட், 20 மெகாபிட் என்று வைத்திருந்தால், டிவியால் ஓட்டக்கூடிய வீடியோவையும் சர்வர் சுருக்கிக்கொண்டிருக்கும். அந்த வரம்பை உச்சத்துக்கு ஏற்றுவதுதான் முதலில் செய்ய வேண்டியது. பெட்டியில் இன்டெல் பிராசஸர் இருந்தால், அதிலுள்ள தனி வீடியோப் பகுதிக்கு வேலையை ஒப்படைக்கலாம். ஜெல்லிஃபினில் இந்த வசதி ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். ப்ளெக்ஸில் கட்டணச் சந்தா வேண்டும்.

டிவியின் திறனையே சோதிக்க, அந்தக் கோப்பைப் பென் டிரைவில் போட்டு டிவியில் செருகிப் பார்க்கலாம். ஒழுங்காக ஓடினால் கோளாறு பாதையிலோ சர்வரிலோ இருக்கிறது. அங்கும் திக்கினால் டிவிக்கு அந்த வடிவம் ஒத்துவரவில்லை. 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு FAT32 பென் டிரைவில் ஏறாது என்பதால் அதை exFAT முறையில் ஃபார்மேட் செய்துகொள்ள வேண்டும்.

பழைய .MTS கோப்புகளுக்கு நல்ல தீர்வு, ஒவ்வொரு முறையும் சர்வரை வதைக்காமல், ஓரளவு வேகமான கணினியில் ஒரே தடவை மாற்றி வைத்துவிடுவது. இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக் இதற்குப் போதும்:

```
ffmpeg -i 00012.MTS -vf bwdif -c:v libx264 -crf 18 -c:a aac -b:a 256k -movflags +faststart 00012.mp4
```

இதில் `bwdif` பாதிகளை விநாடிக்கு 50 முழுப் படங்களாக்குகிறது. `crf 18` கண்ணுக்குத் தரம் குறையாத அளவு. `faststart` கோப்பின் அட்டவணையை முன்பக்கம் கொண்டுவந்து, ஓடத் தொடங்கும் தாமதத்தைக் குறைக்கிறது. மூலக் கோப்பை அழித்துவிடக் கூடாது. மாற்றியது பார்ப்பதற்கு, மூலம் பாதுகாப்புக்கு. புதிய போன் வீடியோக்களை இப்படி மாற்றுவது அவ்வளவு நல்லதல்ல. அவற்றில் பல எச்டிஆர் வண்ணத்தில் எடுத்தவை. கவனமில்லாமல் மாற்றினால் நிறம் வெளிறிவிடும். அவற்றுக்குப் பாதையைச் சீர் செய்வதே வழி.

வட்டம் சுழலாமல், ஒலியும் தடைபடாமல், கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது மட்டும் படம் உதறினால் அது நெட்வொர்க் கோளாறே அல்ல. விநாடிக்கு 25 ஃப்ரேம் கொண்ட வீடியோவை 60 முறை புதுப்பிக்கும் திரை காட்டும்போது, சில ஃப்ரேம்கள் இரண்டு முறையும் சில ஃப்ரேம்கள் மூன்று முறையும் திரையில் நிற்கின்றன. அந்தச் சமமின்மைதான் உதறல். வீடியோவின் வேகத்துக்கேற்பத் திரையை மாற்றும் அமைப்பு கோடியிலும் ஆண்ட்ராய்டு டிவிகள் பலவற்றிலும் இருக்கிறது. அதை இயக்கினால் 25 ஃப்ரேம் வீடியோவுக்குத் திரை 50க்கு இறங்கி, ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு முறை வரும். மங்கலான வெளிச்சத்தில் போன் தானாகவே ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எடுத்த வீடியோவில், எந்த அமைப்பை மாற்றினாலும் உதறல் கொஞ்சம் மிஞ்சும்.

நேற்று நன்றாக ஓடியது இன்று திக்கினால், சர்வர் வேறு வேலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றுலா போய்வந்து ஆயிரக்கணக்கில் படங்களை ஏற்றியதும், நாஸ் பெட்டி அவற்றுக்குச் சிறு படங்கள் தயாரிப்பதிலும் முகங்களை அடையாளம் காண்பதிலும் மணிக்கணக்கில் மூழ்கிவிடும். அந்த வேலைகளை நள்ளிரவுக்கு ஒதுக்கும் வசதி சில பெட்டிகளில் உண்டு.