காய்ந்த பிறகே விலை போடுங்கள்

வீட்டில் குப்பைமேனி சோப்பு செய்து விற்பவர்கள் பலருக்குக் கணக்கு உதைப்பது ஒரே இடத்தில்தான். ஊற்றும்போது 100 கிராம் இருந்த கட்டி, விற்கும்போது 100 கிராம் இருப்பதில்லை.

ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். முழுதாகச் சேர்த்தால் தோல் வறண்டுபோகும். அதனால் 155 கிராமோடு நிறுத்தி, கொஞ்சம் எண்ணெயைச் சோப்பாக மாறாமல் விடுவார்கள். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், 350 கிராம் தண்ணீரில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடாது, அரித்துவிடும். கரைசல் ஆறியபின் எண்ணெயில் ஊற்றி, இட்லி மாவுப் பதம் வரும்வரை கலக்கி, குப்பைமேனிப் பொடியும் வாசனை எண்ணெயும் சேர்த்து அச்சில் ஊற்றலாம். பச்சை இலைச் சாறு வேண்டாம், சீக்கிரம் கெடும். பொடியின் பச்சை நிறமும் நாளடைவில் பழுப்பாகும், அது இயல்பு.

மறுநாள் அச்சிலிருந்து எடுத்து, குறைந்தது நான்கு வாரம் நிழலில் உலர்த்த வேண்டும். வெட்டிய முகத்தில் வெள்ளைக் கட்டிகளோ கசியும் திரவமோ தெரிந்தால் அது கரையாத காஸ்டிக் சோடாவாக இருக்கலாம். அந்தத் தொகுதியை விற்கக் கூடாது.

இப்போது கணக்கு. எண்ணெய் 400 ரூபாய், மற்ற பொருட்களும் மின்சாரமும் 110 என்று வைத்துக்கொள்வோம். கிடைக்கும் 1,500 கிராம் கலவையை 15 கட்டியாக ஊற்றினால், ஒன்றுக்கு 34 ரூபாய். உறைக்கு 6, மூன்று மணி நேர உழைப்புக்கு 300 ரூபாய் வைத்தால் கட்டிக்கு 20. மொத்தம் 60. நூறு ரூபாய்க்கு விற்று, கடைக்காரருக்கு 30 போனால் பத்து ரூபாய் மிஞ்சுவதாகத் தோன்றும். ஆனால் உலர்ந்ததும் கட்டி சுமார் 88 கிராம்தான் இருக்கும். உறையில் 100 கிராம் என்று போட வேண்டுமானால் 115 கிராமாக ஊற்ற வேண்டும். அப்போது கட்டிகள் 13 ஆகிவிடும். அடக்கம் 68 ரூபாய்க்கு மேல் போகும். லாபம் இரண்டு ரூபாய்கூட இல்லை. ஆகவே உலர்ந்த கட்டிகளைத் தராசில் வைத்துப் பார்த்த பிறகே விலையையும் நிகர எடையையும் முடிவு செய்யுங்கள்.

இந்தியச் சட்டப்படி குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள். விற்பதற்காகச் செய்ய மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள், நிகர எடை, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், பயன்படுத்தும் கெடு, புகாருக்கான தொடர்பு ஆகியவை உறையில் இருக்க வேண்டும். 'சொறி, படை குணமாகும்' என்று அச்சிடாதீர்கள். நோய் தீர்க்கும் என்று சொன்ன கணமே அது மருந்துக்கான விதிகளுக்குள் போய்விடும்.