சனிக்கிழமை வரை உங்களுக்கு

ஈரோட்டில் மஞ்சள் குடோன் வைத்திருக்கும் வியாபாரி ஒருவர். விருதுநகரில் மசாலாப் பொடி அரைத்து விற்பவர் இன்னொருவர். இருவரும் விளக்கத்துக்காக நான் கற்பனை செய்துகொண்ட ஆட்கள்தான். ஆனால் அவர்களுக்குள் நடப்பது எந்த மண்டியிலும் நடக்கக்கூடியது.

திங்கட்கிழமை ஈரோட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்: “அண்ணாச்சி, விரலி மஞ்சள் 50 குவிண்டால் இருக்கு. குவிண்டால் 14,000 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் உங்களுக்குன்னு வச்சிருக்கேன்.” செவ்வாய்க்கிழமை விருதுநகர்க்காரர் கேட்கிறார்: “13,500-க்குத் தர முடியுமா தம்பி?” அதற்குப் பதில் வரவில்லை. புதன்கிழமை விலை ஏறுகிறது. வியாழன் காலை கோவையிலிருந்து வந்த ஒருவர் குவிண்டாலுக்கு 15,200 கொடுத்து மொத்தச் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். இது விருதுநகருக்குத் தெரியாது. 11 மணிக்கு அங்கிருந்து செய்தி வருகிறது: “சரி தம்பி, 14,000-க்கே எடுத்துக்கிறேன். சனிக்கிழமை காலையில லாரி வரும்.” அதைப் படித்துவிட்டு 11.40-க்கு ஈரோட்டுக்காரர் பதில் போடுகிறார்: “மன்னிக்கணும் அண்ணாச்சி, காலையிலேயே வித்துட்டேன்.”

கையெழுத்து இல்லை, அட்வான்ஸ் இல்லை. இவர்களுக்குள் ஒப்பந்தம் உண்டா?

இரண்டு விதமான பதில்கள் உடனே வரும். “ஒரு ரூபாய்கூடக் கை மாறவில்லை, அப்புறம் என்ன ஒப்பந்தம்?” என்பது ஒன்று. “சனிக்கிழமை வரை என்று வாக்குக் கொடுத்தாரே, அதற்குள் எப்படி விற்கலாம்?” என்பது மற்றொன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பார்த்தால் இரண்டும் சரியில்லை.

முதலில் திங்கட்கிழமைச் செய்தி. சரக்கு இன்னது, அளவு இவ்வளவு, விலை இவ்வளவு, யாருக்கு என்று எல்லாமே அதில் தெளிவாக இருக்கிறது. எதிராளி ‘சரி’ என்றால் போதும், பேச வேறு எதுவும் பாக்கியில்லை. சட்டம் இதைத்தான் முன்மொழிவு என்கிறது. “இன்றைக்கு விரலி 14,000 போகுது” என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் விலைத் தகவல். அதற்குச் சரி சொல்லி யாரும் சரக்குக் கேட்க முடியாது.

அடுத்து, சனிக்கிழமை வரை வைத்திருப்பதாகச் சொன்ன வாக்கு. சட்டத்தின் 25-ஆவது பிரிவு, சில விதிவிலக்குகள் தவிர, மறுபயன் இல்லாத உடன்பாடு செல்லாது என்கிறது. மறுபயன் என்றால், வாக்குக் கொடுப்பவர் கேட்டுக்கொண்டபடி எதிராளி செய்வது, செய்யாமல் விடுவது, அல்லது செய்வதாகத் திரும்ப வாக்களிப்பது. மஞ்சளை ஒதுக்கி வைப்பதற்காக விருதுநகர்க்காரர் எதுவும் தரவில்லை, எதையும் தருவதாகச் சொல்லவும் இல்லை. ஆகவே அந்த வாக்கு ஈரோட்டுக்காரரின் நல்லெண்ணம் மட்டுமே. மனம் மாறினால் செவ்வாய்க்கிழமையே திரும்பப் பெறலாம். காத்திருப்பதற்கென்று 5,000 ரூபாய் பேசி வாங்கியிருந்தால் கதை வேறு. அப்போது அந்தக் காத்திருப்பே ஒரு தனி ஒப்பந்தமாகி, சனிக்கிழமை வரை அவரைக் கட்டியிருக்கும்.

அப்படியானால் அவர் விற்றது சரிதானே என்று தோன்றும். இங்கேதான் அவர் சறுக்குகிறார். திரும்பப் பெறும் உரிமை இருக்கிறது, ஆனால் திரும்பப் பெற்றதை எதிராளிக்குச் சொல்ல வேண்டும். சட்டத்தின் 4, 5, 6-ஆவது பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் இது தெளிவாகும்: ஏற்பு அவரை வந்து கட்டுவதற்கு முன் முன்மொழிவை விலக்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த விலக்கல் எதிராளியின் அறிவுக்கு வந்தால்தான் அவர்மேல் செல்லும். கோவை லாரியில் மூட்டை ஏறியது விருதுநகருக்குச் சொன்னதாகாது. 9 மணிக்கோ 10 மணிக்கோ “வித்துட்டேன்” என்று ஒரு வரி எழுதி, அதை விருதுநகர்க்காரர் பார்த்திருந்தால் ஈரோட்டுக்காரர் முழுக்கத் தப்பியிருப்பார்.

ஈரோட்டுக்காரரின் வக்கீலுக்கு ஒரே ஒரு வலுவான வாதம் மிச்சம்: செவ்வாய்க்கிழமை 13,500 கேட்டதுமே 14,000 முன்மொழிவு செத்துவிட்டது என்பது. 1840-இல் இங்கிலாந்தில் ஹைட் எதிர் ரென்ச் வழக்கில் அப்படித்தான் ஆனது. ஒரு பண்ணையை 1,000 பவுனுக்குத் தருவதாக ரென்ச் சொன்னார். ஹைட் 950 தருவதாகச் சொன்னார். அவர் மறுத்ததும் சரி, 1,000-க்கே என்றார். 950 சொன்னபோதே முதல் முன்மொழிவு அழிந்துவிட்டது, பிறகு ஏற்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்பது தீர்ப்பு.

ஆனால் 1880-இல் வந்த ஸ்டீவன்சன் எதிர் மக்லீன் வழக்கு நம் மஞ்சள் விவகாரத்துக்கு இன்னும் நெருக்கமானது. மக்லீன் இரும்பை டன் 40 ஷில்லிங் ரொக்கத்துக்குத் தருவதாகவும் திங்கட்கிழமை வரை அது நிற்கும் என்றும் சொல்லியிருந்தார். திங்கள் காலை ஸ்டீவன்சன் நிறுவனம் தந்தியில், 40 ஷில்லிங் விலையில் இரண்டு மாத கால டெலிவரிக்குச் சம்மதமா என்று விசாரித்தது. மக்லீன் பதில் சொல்லாமல் வேறொருவருக்கு விற்றார். பிற்பகல் 1.25-க்கு விற்றுவிட்டதாகத் தந்தி கொடுத்தார். அது 1.46-க்குத்தான் போய்ச் சேர்ந்தது. இடையில் 1.34-க்கு வாங்குபவர்கள் ஏற்புத் தந்தி கொடுத்துவிட்டார்கள். காலையில் வந்தது விசாரிப்புதான், எதிர் முன்மொழிவு அல்ல. விலக்கல் சேருவதற்கு முன்பே ஏற்பு போய்விட்டது. ஆகவே ஒப்பந்தம் உண்டு என்றது நீதிமன்றம்.

இவை ஆங்கிலேயத் தீர்ப்புகள், நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாதவை. ஆனால் நம் சட்டத்தின் 7-ஆவது பிரிவும் ஏற்பு நிபந்தனையில்லாமல் முழுமையாக இருக்க வேண்டும் என்றே கேட்கிறது. அதற்கும் இந்த வித்தியாசம் பொருந்தும். “13,500-க்குத் தர முடியுமா?” என்பது பழைய விலையைத் தூக்கியெறியும் பேச்சு அல்ல, கொஞ்சம் குறையுமா என்று கேட்கும் கேள்வி என்றே நான் படிக்கிறேன். “13,500-தான் தருவேன், சம்மதமானால் சொல்லுங்க” என்று எழுதியிருந்தால் என் முடிவு நேர்மாறாக இருக்கும். நீதிபதி வேறுவிதமாகப் பார்க்க இடமுள்ள ஒரே புள்ளி இதுதான்.

11 மணிச் செய்தி பேரம் எதுவும் இல்லாத முழு ஏற்பு. தொலைபேசி வழி ஏற்பு, முன்மொழிந்தவர் காதில் விழும்போதே முழுமையாகிறது என்று உச்ச நீதிமன்றம் 1965-இல் பகவான்தாஸ் கேடியா வழக்கில் சொன்னது. கடிதத்துக்கு விதி வேறு: தபாலில் போட்டதுமே முன்மொழிந்தவர் கட்டுப்படுவார். வாட்ஸ்அப்பை எந்த விதியில் வைத்தாலும் இங்கே குழப்பமில்லை. ஏனென்றால் ஈரோட்டுக்காரர் அதைப் படித்த பிறகுதான் விற்றதைச் சொன்னார்.

அட்வான்ஸ் இல்லையே என்ற கேள்விக்கும் இப்போது விடை கிடைக்கிறது. 50 குவிண்டால் தருகிறேன் என்பது ஒரு வாக்கு; 7 லட்சம் ரூபாய் தருகிறேன் என்பது மறு வாக்கு. ஒன்றுக்கு ஒன்று மறுபயன். ஒதுக்கி வைக்கும் வாக்குக்கு இல்லாத மறுபயன், விற்பனைக்கு இருக்கிறது. சரக்கு விற்பனைக்கு எழுத்தோ கையெழுத்தோ கட்டாயமும் இல்லை.

ஆகவே ஒப்பந்தம் உண்டு, அதை மீறியவர் ஈரோட்டுக்காரர். கோவைக்குப் போன மூட்டைகள் திரும்பி வராது. விருதுநகர்க்காரர் கேட்கக்கூடியது நஷ்டஈடு. 73-ஆவது பிரிவுப்படி, சரக்கு தர வேண்டிய நாளில் சந்தை விலைக்கும் பேசிய விலைக்கும் உள்ள வித்தியாசம் அதன் அளவுகோல். சனிக்கிழமையும் அதே தரம் 15,200-க்கே கிடைத்தால் குவிண்டாலுக்கு 1,200, மொத்தம் 60,000 ரூபாய். வெளியில் வாங்காமல் மாதக்கணக்கில் காத்திருந்து, பிறகு ஏறிய விலையைக் காட்டி அதிகம் கேட்க முடியாது.

இந்த வழக்கில் சாட்சி அந்த நான்கு செய்திகள்தான். அவற்றை அழிக்காமல், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். அச்செடுத்துத் தாக்கல் செய்யும்போது 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழும் கூடவே வேண்டும். வழக்குப் போட ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம்.