லண்டன் உணவகத்தில் ஒவ்வாமை விசாரணை

பிரிட்டனில் உணவகங்கள் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றி, வாடிக்கையாளர் கேட்டால் எழுத்திலோ வாய்மொழியாகவோ தகவல் தர வேண்டும் என்பது சட்டம். எள், கடுகு, பால், முட்டை, கோதுமை எல்லாம் அதில் உண்டு. தேங்காயும் கொண்டைக்கடலையும் இல்லை. ஆகவே, அவை ஒத்துக்கொள்ளாதவர் பெயர் சொல்லியே கேட்க வேண்டும்.

நிலக்கடலை ஒவ்வாமை உள்ள ஒருவர் ஆர்டர் கொடுக்கும் முன்பே, "ஐ ஹேவ் எ பீனட் அலர்ஜி. டஸ் திஸ் டிஷ் கன்டெய்ன் பீனட்ஸ்?" என்று கேட்கிறார். வெறும் "நட்ஸ்" என்று கேட்டால் போதாது. முந்திரி, பாதாம் போன்றவை அந்தப் பட்டியலில் தனி இனம், நிலக்கடலை தனி இனம்.

பதிலில்தான் கவனம் வேண்டும். "நோ பீனட்ஸ் இன் இட், பட் வீ கான்ட் கேரண்டீ" என்றால், செய்முறையில் கடலை இல்லை, ஆனால் அதே சமையலறையில் புழங்குவதால் ஒட்டியிருக்கலாம் என்று பொருள். மரியாதையான அந்த வாக்கியம் உண்மையில் ஓர் எச்சரிக்கை. கடுமையான ஒவ்வாமை உள்ளவர் அதை மறுப்பாகவே கொள்வது நல்லது. "ஐ டோன்ட் திங்க் ஸோ" என்பதோ பதிலே அல்ல, ஊகம். அப்போது "குட் யூ செக் வித் த கிச்சன், ப்ளீஸ்?" என்று கேட்டு, ஒவ்வாமைப் பட்டியலையும் காட்டச் சொல்லலாம். பொரித்த உணவென்றால், கடலை கலந்த பண்டம் வெந்த அதே எண்ணெயா என்றும் கேட்க வேண்டும்.