ஆன்-ரோடு விலை: எந்தத் தொகை எதற்கு?

புதிய மோட்டார் சைக்கிளின் ஆன்-ரோடு விலையில் மூன்று வகைப் பணம் கலந்திருக்கும்: அரசுக்குப் போவது, பேசிக் குறைக்கக்கூடியது, கொடுக்கவே தேவையில்லாதது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

தமிழ்நாட்டில் வாங்கப்படும் 125 சிசி வண்டி ஒன்றின் கொட்டேஷன் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்: எக்ஸ்-ஷோரூம் விலை 1,10,000, சாலை வரி 13,200, காப்பீடு 9,500, பதிவும் ஹேண்ட்லிங்கும் 4,000, ஆக்சசரீஸ் 6,800. மொத்தம் 1,43,500 ரூபாய்.

எக்ஸ்-ஷோரூம் விலையில் ஜிஎஸ்டியும் அடக்கம்; அதைத் தனியாகக் கேட்கக் கூடாது. சாலை வரி இங்கே ஆயுள் வரியாக ஒரே தடவை கட்டப்படுகிறது. 2023 நவம்பர் முதல், ஒரு லட்சம் ரூபாய் வரையிலான வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 1,10,000-க்கு 13,200 என்பது சரியான கணக்கு. கொட்டேஷனில் இதைவிடக் கூடுதலாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

காப்பீட்டுத் தொகையை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 ஆண்டுகளுக்குக் கட்டாயம். அதன் பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால் எந்த நிறுவனத்திலும் ஒரே தொகைதான்: 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு சுமார் 4,544. மீதி 4,956 ரூபாய் வண்டியின் சொந்தச் சேதம், உரிமையாளரின் விபத்துக் காப்பீடு, ஜீரோ டெப்ரிசியேஷன் போன்றவற்றுக்கானது. பேரம் பேச இடம் இருப்பது இந்தப் பகுதியில்தான். வேறு நிறுவனத்தின் விலையை விசாரித்து வெளியிலேயே பாலிசி எடுக்கலாம். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

மோட்டார் சைக்கிளைப் பதிய மத்திய விதிகளின்படி கட்டணம் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200, கடனில் வாங்கினால் அதைப் பதிவுச் சான்றில் குறிக்க மேலும் 500. ஆகவே 4,000 ரூபாயில் பெரும்பகுதி ஷோரூம் தனக்காகச் சேர்த்துக்கொண்டது. ‘ஹேண்ட்லிங்’ என்ற பெயரில் அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் 2019 ஏப்ரல் முதல் வண்டியோடு உற்பத்தியாளரே தர வேண்டியது.

டெலிவரி நாளில்தான் ஆக்சசரீஸ் பட்டியல் நீளும். சேலை கார்டு, பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி, கால் வைக்கும் ஃபுட் ரெஸ்ட் ஆகியவை மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி வண்டியில் இருந்தே ஆக வேண்டியவை. விதி 138-இன்படி ஹெல்மெட்டையும் உற்பத்தியாளர் தர வேண்டும். இவற்றுக்குத் தனி விலை போடுவது நியாயமல்ல. கிராஷ் கார்டு, சீட் கவர், டெஃப்லான் கோட்டிங் எல்லாம் விருப்பம்போல் வாங்கலாம், வேண்டாமென்றும் சொல்லலாம்.

முன்பணம் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வரிக்கும் தனித் தொகை எழுதிய கொட்டேஷனை ஷோரூம் முத்திரையோடு வாங்கிவிட வேண்டும். டெலிவரியின்போது வண்டி இன்வாய்ஸ், வரி ரசீது, பாலிசி ஆகிய மூன்றின் தொகைகளையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் மீதிப் பணத்தைக் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.