ஒரு நிமிடத்தில் ஒரு மந்திரம்

மிருத்யுஞ்சய மந்திரத்துக்கு ஒரு நிமிட வீடியோவில் பதம் பதமாகப் பொருள் சொல்லப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரிக் வேதத்தின் 7ஆம் மண்டலத்தில் உள்ள இம்மந்திரத்தை நிதானமாகச் சொன்னாலும் கால் நிமிடம்தான் ஆகும். மீதி நேரம் சொற்களுக்கு.

முதலில் ஓதலைப் பதிவு செய்து, எந்தச் சொல் எந்த நொடியில் தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகு எழுத்தைப் போடுங்கள். அவசரப்பட்டால் சந்தியில் சறுக்கும். கடைசியில் ‘மாம்ருதாத்’ என்று ஒலிக்கிறது. காதில் விழுந்தபடி ‘மாம்’ என்று வெட்டினால் ‘என்னை’ என்றாகிவிடும். பதம் பிரித்தால் ‘மா’, ‘அம்ருதாத்’. மரணத்திலிருந்து விடுதலை வேண்டும், அமரத்துவத்திலிருந்து வேண்டாம் என்பதே வேண்டுதல். வெட்டு பிசகினால் இந்த ‘வேண்டாம்’ காணாமல் போகும். எனவே திரையில் சேர்ந்த வடிவம் முதலில் வரட்டும்; ஓரிரு நொடியில் அது பிரியட்டும்; பொருள் அதற்குக் கீழே.

‘உர்வாருகம்’ வெள்ளரிப்பழம். இங்கே காம்பிலிருந்து பழம் கழலும் படம் ஒன்று போதும், விளக்கவுரை வேண்டாம்.

வடமொழிச் சொல்வரிசையிலேயே பொருள்களைக் கோத்தால் தமிழில் வாக்கியம் நிற்காது. முடிவில் முழுப் பொருளையும் ஒரே வாக்கியமாக, வாய்விட்டு இருமுறை படிக்கும் நேரம் காட்டுங்கள். திரையின் அடிப்பகுதியைத் தவிருங்கள். அங்கே செயலியின் தலைப்பும் பொத்தான்களும் எழுத்தை மறைத்துவிடும்.