ஊன்றிய கால் ஏன் வழுக்குகிறது?

வீடியோ கேமில் ஒரு கதாபாத்திரம் ஓடும்போது அதன் பாதத்தை மட்டும் கவனியுங்கள். தரையில் ஊன்றிய கால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். பல கேம்களில் அது பனிக்கட்டி மேல் போவதுபோல் வழுக்கிக்கொண்டே போகும்.

உடலை முன்னே நகர்த்துவது ஒன்று, காலை அசைப்பது வேறொன்று. அதுதான் காரணம். நகர்த்துவது நிரல், அசைப்பது அனிமேஷன் கிளிப். நிரல் நொடிக்கு 2 மீட்டர் நகர்த்தும்போது கால்கள் 1.5 மீட்டருக்கான எட்டுதான் வைக்கின்றன என்றால், மிச்சமுள்ள அரை மீட்டரும் வழுக்கலாகத் தெரியும்.

நடைக்கு ஒரு கிளிப், ஓட்டத்துக்கு ஒரு கிளிப், இடைப்பட்ட வேகங்களுக்கு இரண்டின் கலவை: இதைச் செய்வதுதான் பிளெண்ட் ட்ரீ. யூனிட்டியில் Speed என்றொரு அளவுருவை வைத்து, ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு Threshold கொடுப்போம். நடைக்கு 1.5, ஓட்டத்துக்கு 4 என்று வைத்தால், வேகம் 2.75 ஆகும்போது இரண்டும் பாதிப் பாதி கலக்கும்.

இந்த எண்களைக் கண்மதிப்பாகப் போடக்கூடாது, கிளிப்பிலிருந்தே அளந்து எடுக்க வேண்டும். உடலின் நகர்வும் கிளிப்பிலேயே பதிவாகியிருந்தால் Average Velocity என்று யூனிட்டியே காட்டிவிடும். நின்ற இடத்திலேயே நடக்கும் கிளிப் என்றால், ஊன்றிய பாதம் உடலுக்குக் கீழே எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று பாருங்கள். 0.6 நொடியில் 0.9 மீட்டர் போனால் அந்த நடையின் வேகம் நொடிக்கு 1.5 மீட்டர்.

அடுத்தது தாளம். பிளெண்ட் ட்ரீ கிளிப்புகளை நொடிக்கணக்கில் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு சுற்றையும் 0 முதல் 1 வரை நீட்டியோ சுருக்கியோதான் ஒட்டுகிறது. ஆகவே இரண்டு கிளிப்பிலும் இடது கால் 0-இல் பதிந்தால், வலது கால் 0.5-இல் பதிய வேண்டும். ஒன்று இடது காலிலும் மற்றொன்று வலது காலிலும் தொடங்கினால், முன்னே போகும் காலும் பின்னே வரும் காலும் சராசரியாகி, இடைவேகத்தில் எட்டு குறுகிப்போகும். கிளிப்பின் Cycle Offset-ஐ 0.5 ஆக்கினால் சரியாகிவிடும்.

இதையெல்லாம் செய்த பிறகும் நடுவில் கொஞ்சம் வழுக்கும். பலர் குழம்பிப்போவது இங்கேதான். நடையின் ஒரு சுற்று 1 நொடி, அதில் கடக்கும் தூரம் 1.5 மீட்டர் என்று கொள்வோம். ஓட்டத்தின் சுற்று 0.7 நொடி, தூரம் 2.8 மீட்டர். பாதிப் பாதி கலந்தால் சுற்று 0.85 நொடி, தூரம் 2.15 மீட்டர். வகுத்தால் வேகம் 2.53 தான் வருகிறது. உடலோ 2.75-இல் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் இடிக்கிறது. தூரமும் நேரமும் தனித்தனியே சராசரியாவதால், அவற்றை வகுத்து வரும் வேகம் நேர்கோட்டில் ஏறுவதில்லை.

அந்த இடத்தில் அனிமேஷனை 1.09 மடங்கு வேகமாக ஓட்டினால் கணக்கு நேராகும். ஆனால் எனக்குப் பிடித்த வழி, நொடிக்கு 2.7 மீட்டர் அளவில் மெல்லோட்டத்துக்கு மூன்றாவது கிளிப் ஒன்றை நடுவில் வைப்பது. நடையில் ஒரு பாதம் சுற்றின் பாதிக்கு மேல் தரையில் இருக்கும். ஓட்டத்தில் பாதிக்கும் குறைவு, இரண்டு பாதங்களும் காற்றில் இருக்கும் கணங்களும் உண்டு. ஊன்றிய பாதத்தையும் தூக்கிய பாதத்தையும் கலந்தால் பாதம் தரைக்குச் சற்று மேலே மிதக்கும். அதை எந்த வேகத் திருத்தமும் சரிசெய்யாது.

நிற்கும் நிலையை இந்த மரத்தில் சேர்க்காமல் தனி நிலையாக வைப்பதே நல்லது. மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும் நான்கு நொடிக் கிளிப், நடையோடு கலக்கும்போது சுற்றின் நேரத்தை இழுத்து நீட்டிவிடும்.

கடைசியாக, Speed-க்கு எதைக் கொடுக்கிறோம் என்பது. பொத்தானை எவ்வளவு அழுத்தினார்கள் என்பதைக் கொடுத்தால், சுவரில் முட்டி நிற்கும்போதும் கால்கள் ஓடிக்கொண்டிருக்கும். உடல் உண்மையில் போகும் வேகத்தைக் கொடுங்கள்:

```
Vector3 v = controller.velocity;
v.y = 0f;
animator.SetFloat("Speed", v.magnitude);
```

மாற்றம் மென்மையாக வரட்டும் என்று இந்த எண்ணை மட்டும் மெதுவாக ஏற்றுவார்கள் சிலர். அப்போது உடல் முன்னே பாய்ந்துவிடும், கால்கள் பின்தங்கி வழுக்கும். உடலின் வேகத்தையே படிப்படியாக ஏற்றினால் கால்களும் கூடவே வரும்.

சோதிக்க, கட்டம் போட்ட தரையில் `Time.timeScale = 0.2f` என்று வைத்து ஓடவிடுங்கள். 1.5, 2, 2.75, 3.5, 4 ஆகிய வேகங்களில் கால்விரல் நுனி கட்டத்தின் கோட்டைத் தாண்டி நகர்கிறதா என்று பாருங்கள். இரண்டு கிளிப்புகளின் வேகத்திலும் நின்று, நடுவில் மட்டும் நகர்ந்தால் குறை கலவையில் இருக்கிறது. நடையின் 1.5-இலேயே நகர்ந்தால் Threshold-ஐ மறுபடி அளக்க வேண்டும்.