விசாவுக்கான அழைப்புக் கடிதம்: யார் செலவு, எந்தத் தேதி?

அழைப்புக் கடிதம் என்றதுமே நம் கை தானாக "தாங்கள் வருகை தந்து சிறப்பிக்க அன்புடன் அழைக்கிறோம்" என்று எழுதிவிடும். பள்ளி ஆண்டு விழாவுக்கு அது சரி. வெளிநாட்டு வணிக விருந்தினரின் விசாவுக்கு எழுதுகிற கடிதம் வேறு மாதிரி. அது விருந்தினர் பெயருக்குத்தான் போகிறது. ஆனால் அதைப் படித்து முடிவெடுப்பவர் ஒரு விசா அதிகாரி. அவருக்கு உங்களையும் தெரியாது, உங்கள் விருந்தினரையும் தெரியாது. தாளில் இருப்பது மட்டும்தான் தெரியும்.

ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் சமையலறைச் சாதனங்களை இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனம், கோயம்புத்தூரில் கிரைண்டர் தயாரிக்கும் ஆலையின் விற்பனை மேலாளரை விலை பேச அழைக்கிறது. இந்தியக் கடப்பிதழில் வருகிறவருக்கு இங்கே விசா வேண்டும். அதற்கு 14A விண்ணப்பப் படிவம் இருக்கிறது. இங்குள்ளவர் கையெழுத்திடும் V39A அறிமுகப் படிவமும் இருக்கிறது. நம் கடிதம் இவற்றுக்குத் துணையாகப் போவது. ஆகவே, படிவத்தில் ஒன்றும் கடிதத்தில் வேறொன்றும் இருக்கக்கூடாது. விருந்தினரின் பெயரைக்கூட நாம் கூப்பிடுகிறபடி எழுதாமல், கடப்பிதழில் உள்ளபடியே எழுத வேண்டும்.

முதலில் நோக்கம். "வணிகம் தொடர்பாக வருகிறார்" என்றால் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது. "புதிய கிரைண்டர்களின் விலை, விநியோகம் பற்றிப் பேச வருகிறார்" என்றால் விளங்கும். இங்கே ஒரு கவனம் வேண்டும். வணிகக் கூட்டத்துக்கு வருகிறவருக்கு வேலை அனுமதி தேவையில்லை. ஆனால் "அப்படியே நம் வாடிக்கையாளர் கடைகளில் பழுதான கிரைண்டர்களையும் சரிசெய்து தருவார்" என்று ஆர்வத்தில் ஒரு வரி சேர்த்துட்டீங்கன்னா, அது கூட்டம் இல்லை, வேலை! மனிதவள அமைச்சின் விதிகள் அங்கே குறுக்கே வரும். உண்மையிலேயே அவர் வேலை செய்யப் போகிறார் என்றால் அதை மறைக்கவும் கூடாது. அதற்கான வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து தேதி. மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். "மார்ச் இரண்டாம் வாரத்தில்" என்று எழுதுவது போதாது. கூட்டம் நடக்கும் நாள் வேறு, விருந்தினர் இங்கே தங்கும் நாள் வேறு, இரண்டையும் எழுதணும். நம் சூழலில் கூட்டங்கள் 2026 மார்ச் 11, 12. விருந்தினர் 9ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குமேல் கோயம்புத்தூரில் விமானம் ஏறுகிறார். நேரடி விமானம்தான் என்றாலும், சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால் ஓடுவதால் 10ஆம் தேதி விடியற்காலையில்தான் இறங்குவார். ஆக, வருகை நாள் 9 இல்லை, 10. கடிதத்தில் 9 என்றும் படிவத்தில் 10 என்றும் இருந்தால், "எது சரி?" என்று கேட்க அதிகாரிக்கு நாமே இடம் கொடுக்கிறோம்.

மூன்றாவது செலவு. "செலவுகள் அனைத்தும் ஏற்கப்படும்" என்ற வாக்கியத்தைப் பாருங்க. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் ஏற்பது யார்? செயப்பாட்டுவினை செய்பவரை மறைத்துவிட்டது. அதிகாரி தேடுவதே அந்தச் செய்பவரைத்தான். ஆசிரியர்கள் செய்வினை, செயப்பாட்டுவினை நடத்தும்போது இந்த வாக்கியத்தைக் கொடுத்து மாற்றி எழுதச் சொல்லலாம். "அனைத்தும்" என்பதையும் பிரிக்க வேண்டும். விமானப் பயணம், தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, சாப்பாடு என்று ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று சொல்லணும். இரு நிறுவனங்களும் பகிர்ந்துகொண்டால் தவறில்லை, அப்படியே எழுதலாம்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி அமையலாம்:

"எங்கள் நிறுவனம் தங்கள் ஆலையிலிருந்து கிரைண்டர்களை இறக்குமதி செய்து வருகிறது. புதிய கிரைண்டர்களின் விலை, விநியோகம் குறித்துப் பேச, 2026 மார்ச் 11, 12 ஆகிய நாள்களில் எங்கள் அலுவலகத்தில் நடைபெறும் கூட்டங்களுக்குத் தங்களை அழைக்கிறோம். தாங்கள் மார்ச் 10 அன்று வந்து 13 அன்று திரும்புவீர்கள் என அறிகிறோம். மூன்று இரவுகள் தங்கும் விடுதிச் செலவையும் உள்ளூர்ப் போக்குவரத்துச் செலவையும் எங்கள் நிறுவனம் ஏற்கும். விமானச் சீட்டுச் செலவையும் உணவு முதலிய பிற செலவுகளையும் தங்கள் நிறுவனம் ஏற்கும்."

அலங்காரம் இல்லை, புகழ்ச்சி இல்லை. நடைமுறையில் இது ஆங்கிலத்தில்தான் போகும். சொல்ல வேண்டிய செய்தி இதுவே.

கடிதத்தின் தலைப்பில் நிறுவனத்தின் பெயர், முகவரி, யூஈஎன் எனப்படும் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். கீழே கையெழுத்திடுபவர் தம் பெயரையும் பதவியையும் நேரடித் தொலைபேசி எண்ணையும் தர வேண்டும். பொதுவான அலுவலக எண்ணை மட்டும் கொடுத்தால், சரிபார்க்க அழைப்பு வரும்போது எடுப்பவருக்கு "அப்படி ஒருத்தர் வர்றாரா?" என்பதே தெரியாமல் போகலாம்.